அசல் விண்டோஸ் உள்ளேயே இருந்த லேப்டாப்பில் திருட்டு விண்டோஸ் போட்டு என் தலையில் கட்டிய கதை

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து, "எல்லாம் போட்டு ரெடியா இருக்கு சார்" என்று பழைய மெஷின்களைத் தள்ளிவிடுகிற வியாபாரம் சூடாக நடக்கிறது. அதே வசனத்தைக் கேட்டுத்தான் நானும் ஏமாந்தேன்.

2022 தொடக்கத்தில், பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். விண்டோஸ் 10 ப்ரோ, ஆஃபீஸ் எல்லாம் போட்டிருந்தது. ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், ஆக்டிவேட் ஆகியிருப்பதாகவே காட்டியது. அத்தோடு திருப்தி. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வேறெதையும் பார்க்காமல் விட்டது என் தப்பு.

ஒரு வருடத்துக்கு மேல் தொந்தரவே இல்லை. சொல்லப்போனால், "அப்டேட் தொல்லையே இல்லாத மெஷின்" என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். பிரவுசர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் வெளிப்பார்வைக்கு எல்லாம் புதிதாகவே தெரிந்தது.

2023 ஏப்ரல் கடைசியில் வேலைக்காக ஒரு சாஃப்ட்வேர் போடப் போனேன். உங்கள் விண்டோஸ் பழையது, புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்று அது நின்றுவிட்டது. ரன் பெட்டியில் `winver` அடித்துப் பார்த்தேன். 21H2, பில்ட் 19044.1288.

இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ள பகுதிதான் மாதாமாதம் ஏறுவது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது, அதைப் போட்டால் அந்த எண் கூடும். 1288 என்பது 2021 அக்டோபர் நிலவரம். அதற்குப் பிறகு வந்துபோன 18 இரண்டாவது செவ்வாய்களில் ஒன்றுகூட என் மெஷினைத் தொடவில்லை.

சரி, அப்டேட்டைத் தட்டிவிடலாம் என்று போனால் `0x80070422`. அப்டேட் சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தப் பிழை எண்ணின் பொருள். கமாண்ட் ப்ராம்ப்டில் இதை அடித்து உறுதி செய்துகொண்டேன்:

```
sc.exe qc wuauserv
```

`START_TYPE` என்ற வரியில் `4 DISABLED` என்று இருந்தது. வழக்கமாக அங்கே 3 இருக்கும். மாற்றினேன், மெஷினை ரீஸ்டார்ட் செய்தேன், மறுபடியும் 4. டாஸ்க் ஷெட்யூலரைக் கிளறினால், ஒவ்வொரு முறை லாகின் ஆகும்போதும் இதை முடக்குவதற்கென்றே ஒரு வேலை உட்கார்ந்திருந்தது. முடங்கிய அப்டேட்டைச் சரிசெய்து கொடுக்க விண்டோஸில் `WaaSMedicSvc` என்று ஒரு காவலாளி உண்டு. அதையும் சேர்த்தே கட்டிப் போட்டிருந்தார்கள்.

விற்றவருக்கு போன் போட்டேன். ஆள் கொஞ்சமும் அசரவில்லை. "அப்டேட் வந்தா மெஷின் ஸ்லோ ஆயிடும் சார், உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார்.

காரணம் அதுவல்ல. காசு கட்டாதவனுக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் தராது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஆதரவு இருந்த வரை, ஆக்டிவேட்டே செய்யாத விண்டோஸ் 10-க்கும் பாதுகாப்பு அப்டேட்கள் வந்துகொண்டுதான் இருந்தன. திரை மூலையில் நினைவூட்டல் வரும், செட்டிங்ஸில் வால்பேப்பர் மாற்ற விடாது, அவ்வளவுதான். கதவை உள்ளிருந்து சாத்துவது திருட்டுப் பிரதியைப் போட்டவர். அப்டேட் வந்தால் அவர் மாற்றி வைத்த ஃபைல்கள் பழைய நிலைக்குத் திரும்பலாம், அல்லது லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்து வைக்கும் ஆக்டிவேட்டரை, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அடையாளம் கண்டு தூக்கிவிடலாம். பிறகு ஆக்டிவேஷன் போய்விட்டது என்று வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்பார். அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் ஒரேயடியாக முடக்கிவிடுகிறார்கள்.

என் மெஷினில் அதை எப்படிச் செய்திருந்தார்கள் என்பது இந்தக் கமாண்டில் வெளியே வந்தது:

```
slmgr /dlv
```

விவரங்களில் `VOLUME_KMSCLIENT` என்று இருந்தது. கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்கான ஏற்பாடு. நிறுவனத்தின் சொந்த சர்வர் ஒன்று உள்ளே இருக்கும் மெஷின்களையெல்லாம் ஆக்டிவேட் செய்யும். அது 180 நாள் செல்லும், அதற்குள் மெஷின் அவ்வப்போது சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ளும். என் மெஷினில் சர்வர் முகவரி `127.0.0.2:1688`. 127-ல் தொடங்கும் முகவரி என்றால் மெஷின் தன்னிடமே பேசிக்கொள்கிறது என்று அர்த்தம். உள்ளேயே ஒரு போலி சர்வரை உட்கார வைத்து, என் லேப்டாப் தனக்குத் தானே லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. (அலுவலகம் கொடுத்த லேப்டாப்பிலும் கேஎம்எஸ் என்று வரும். அங்கே அலுவலக சர்வரின் பெயர் இருக்கும், பதற வேண்டாம். தனி ஆளிடம் வாங்கிய மெஷினில் அது வந்தால்தான் கேள்வி.)

அடுத்து பார்த்ததுதான் நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து இதை அடித்தேன்:

```
(Get-MpPreference).ExclusionPath
```

டிஃபெண்டர் எந்த ஃபோல்டர்களைச் சோதிக்கக் கூடாது என்ற பட்டியல் இது. வீட்டு மெஷினில் இது பொதுவாகக் காலியாகத்தான் இருக்கும். என்னுடையதில் `C:\Windows`, `C:\ProgramData` இரண்டும் இருந்தன. ஆக்டிவேட்டர் பிழைக்க வேண்டுமென்றால் டிஃபெண்டரின் கண்ணைக் கட்ட வேண்டும். கட்டிய கண் ஆக்டிவேட்டரை மட்டும் பார்க்காமல் விடுவதில்லை, அங்கே யார் வந்து தங்கினாலும் பார்க்காது. அந்த விலக்குகளை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டினேன். `HackTool:Win32/AutoKMS` வரும் என்று தெரியும், வந்தது. அதன் பக்கத்து ஃபோல்டரிலேயே ட்ரோஜன் என்று இன்னொன்றும் மாட்டியது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளும் ரகம். ஆக்டிவேட்டர் வேஷத்தில் இந்த மாதிரி திருடர்கள் வருவது புதிதல்ல. கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் உலவிய இன்ஸ்டாலர்களில் கிரிப்ட்பாட் என்ற தகவல் திருடி ஒளிந்திருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2021-லேயே எழுதியிருக்கிறார்கள்.

"நான் கண்ட சைட்டுக்கெல்லாம் போவதில்லை, எனக்கு எதற்கு அப்டேட்" என்பவர்களுக்கு 2017-ஐ ஞாபகப்படுத்துகிறேன். விண்டோஸின் ஃபைல் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்று MS17-010 என்ற திருத்தம் வந்தது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை மே 12 அன்று கிளம்பியது. நடுவில் 59 நாள். யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை, நெட்வொர்க்கில் திருத்தம் போடாத மெஷின் ஒன்று இருந்தால் அது தானாகவே தாவிப் போனது. திருத்தம் வெளியாவதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்பது தாக்குபவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதத் திருத்தமும், அதைப் போடாத மெஷின்களுக்கு எதிராக ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்த மாதிரி. 59 நாளுக்கே அந்தக் கதி. என்னுடையது ஒன்றரை வருடம்.

சரி, ஷெட்யூலரில் இருந்த வேலையை அழித்து, சர்வீஸைத் திறந்துவிட்டு அப்டேட் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். டவுன்லோட் ஆனது, நிறுவும்போது `0x800f081f` என்று விழுந்தது. `sfc /scannow` போட்டேன், எல்லாவற்றையும் சரிசெய்ய முடியவில்லை என்றது. `DISM /Online /Cleanup-Image /RestoreHealth` போட்டேன், மூல ஃபைல்களே கிடைக்கவில்லை என்றது. காரணம், இது "லைட்" செய்யப்பட்ட விண்டோஸ். இடம் மிச்சம், வேகம் அதிகம் என்று சொல்லிப் பல பாகங்களை வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டிய பிரதி. விண்டோஸ் தன்னைப் பழுதுபார்க்க உதிரி பாகங்களை `WinSxS` என்ற கிடங்கில்தான் வைத்திருக்கும். மாத அப்டேட்டும் அந்தக் கிடங்கை நம்பித்தான் நிறுவுகிறது. கிடங்கையே காலி செய்துவிட்டால் அப்டேட்டும் ஏறாது, பழுதும் பார்க்க முடியாது. ரெக்கவரி பகுதியையும் நீக்கியிருந்தார்கள், ஆகவே ரீசெட் வழியும் அடைப்பு. அவ்வப்போது வந்த நீலத்திரைக்கு நான் பழைய ஹார்டுவேரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சுத்தமாக மாற்றிப் போட்ட பிறகு அது ஒருமுறைகூட வரவில்லை.

அந்த இரண்டு நாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வேறொரு சாதனத்திலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கணக்கிலும் "எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்தியது. நாம் லாகின் ஆகியிருப்பதைப் பிரவுசர் நினைவில் வைக்கும் குக்கியைத் திருடன் எடுத்துப் போயிருந்தால் சில இடங்களில் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே இருப்பான். பிறகு ஆவணங்கள், படங்கள் மட்டும் நகல் எடுத்தேன், `.exe` ஒன்றுகூட எடுக்கவில்லை. வேறொரு நல்ல மெஷினில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எட்டு ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலரை ஏற்றினேன். நிறுவும்போது பழைய பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்தேன்.

இதற்கெல்லாம் முன்னால், புது லைசென்ஸுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டுமே என்று ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன்:

```
(Get-CimInstance SoftwareLicensingService).OA3xOriginalProductKey
```

25 எழுத்து கீ ஒன்று வந்து நின்றது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் மெஷின்களில் தயாரிப்பு நிறுவனம் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதித்து அனுப்புகிறது. என் லேப்டாப் பிறக்கும்போதே ஹோம் லைசென்ஸோடு பிறந்தது! அதன் மேல்தான் திருட்டு ப்ரோவைப் போட்டு விற்றிருக்கிறார். புதிதாக நிறுவியபோது இன்ஸ்டாலர் கீ எதையும் கேட்கவில்லை, தானே ஹோமைத் தேர்ந்தெடுத்தது, இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆனது. காசு தனியாக ஒன்றும் ஆகவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் விற்கப்பட்ட மெஷினில் இந்தக் கமாண்ட் வெற்று வரியைக் காட்டும். அப்படியானால் லைசென்ஸ் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

வாங்குகிற இடத்திலேயே `winver`, `slmgr /dlv`, இந்தக் கீ கமாண்ட் மூன்றையும் அடித்துப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. எண் பழையதாக இருந்து, அப்டேட்டை அழுத்தியதும் விற்பவர் பதறினால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு விற்றவருக்கு மறுபடி போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வருத்தத்தோடு சொன்னார்: "ஐயோ சார், ப்ரோவை எடுத்துட்டு ஹோம் போட்டுட்டீங்களே!"