குத்தகைக் கணக்கைத் திருத்துவது: மேலிருந்து கீழாகவா, ஆண்டிறுதியிலிருந்தா?

எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 16 கணக்கைத் திருத்த இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாணவரின் அட்டவணையை முதல் வரியிலிருந்து பின்தொடர்வது. மற்றது, வினாவிலுள்ள கொடுப்பனவுத் திகதிகளை மட்டும் வைத்து ஆண்டிறுதிப் பொறுப்பைத் தனியாகக் கணித்து ஒப்பிடுவது. நாங்கள் இரண்டாவதையே பிடித்துக்கொண்டோம். அதற்கான காரணத்தை ஒரு கணக்கிலேயே காட்டலாம்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு கடை. குத்தகை 2024 ஜனவரி 1 முதல் 4 ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1இல் ரூபா 600,000 கட்ட வேண்டும். வட்டி வீதம் 12%, ஒப்பந்தத்துக்கான சட்டத்தரணிச் செலவு ரூபா 50,000.

மாணவர் நான்கு கொடுப்பனவுகளையும் ஆண்டிறுதியில் கட்டுவதாக எடுத்து, பொறுப்பை 1,822,410 என்றும் சொத்தை 1,872,410 என்றும் எழுதியிருக்கிறார். முதலாவது வழியில் இது அகப்படாது. வட்டி சரி, கழித்தல் சரி, நான்காம் ஆண்டில் மீதியும் பூச்சியம். எல்லா வரிக்கும் சரி போட்டுவிடுவோம். அட்டவணை பூச்சியத்தில் முடிவது உள்கணக்கு பிசகவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. திகதிகள் சரி என்பதற்கு அல்ல.

இனி 2024 டிசம்பர் 31இல் நின்று பாருங்கள். மறுநாள் கட்டவேண்டிய 600,000 முழுதாக வரும். 2026, 2027 கொடுப்பனவுகளின் தற்போதைய பெறுமதி 1,014,031. ஆகப் பொறுப்பு 1,614,031. மாணவரிடம் இருப்பது 1,441,099. வித்தியாசம் 172,932, அது மாணவரின் தொகையில் சரியாக 12%. இப்படி வித்தியாசம் ஓராண்டு வட்டியாக வந்தால், முற்பணமாகக் கட்டியதைப் பிற்பணமாக எடுத்துவிட்டார் என்று கொள்ளலாம்.

சரியான தொடக்கப் பொறுப்பு, மீதி மூன்று கொடுப்பனவுகளுக்கு மட்டும், 1,441,099. அன்றே கட்டிய 600,000 பொறுப்பில் சேராது, சொத்தில் சேரும். சட்டத்தரணிச் செலவும் அப்படியே. ஆகவே சொத்து 2,091,099. நேர்கோட்டு முறையில் ஆண்டுப் பெறுமானத்தேய்வு 522,775. மாணவருடையது இதைவிட ஏறத்தாழ 54,670 குறைவு.

சொத்திலிருந்து பொறுப்பைக் கழித்துப் பார்ப்பதும் உதவும். இங்கே 650,000 வரவேண்டும். மாணவருக்கு 50,000தான் வருகிறது. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. நான்கு முற்பணங்களையும் பொறுப்பில் வைத்து (2,041,099), முதலாவதை சொத்தில் மறுபடியும் கூட்டினாலும் வித்தியாசம் 650,000தான். ஆண்டிறுதிச் சோதனை அங்கேயும் காட்டிக்கொடுக்கும்.

பிழை எந்த வரியில் தொடங்கியது என்று கண்டு, தொடர் பிழைக்குப் புள்ளி வழங்க முதலாவது வழிதான் வேண்டும். வாடகை இடையில் மாறும் கணக்கில் ஆண்டிறுதிச் சோதனைக்குக் கூடுதல் கவனம் தேவை: விலைச்சுட்டெண்ணால் மாறினால் பழைய வீதமே தொடரும், குத்தகைக் காலம் மாறினால் புதிய வீதம் எடுக்க வேண்டும்.