ஐ க்ரீமும் சாதா மாய்ஸ்சரைசரும்: டப்பாவைத் திருப்பிப் பார்த்தால்

மருந்துக் கடை அலமாரியில் ஒரே கம்பெனியின் இரண்டு சரக்கு அடுத்தடுத்து நிற்கும். 100 கிராம் மாய்ஸ்சரைசர் 350 ரூபாய், 15 கிராம் ஐ க்ரீம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது மூன்றரை ரூபாய், இரண்டாவது 40 ரூபாய். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு வேளைக்குக் கால் கிராம் போதும். காலையும் இரவும் போட்டால் அந்த 15 கிராம் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். அதே அளவு மாய்ஸ்சரைசரைக் கண்ணைச் சுற்றித் தடவினால் மாதச் செலவு 52 ரூபாய் சொச்சம். மீதி 550 ரூபாய்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

விடை டப்பாவின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. சேர்மானப் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். இரண்டு டப்பாவின் முதல் ஐந்தாறு பெயர்களையும் படித்துப் பாருங்கள். தண்ணீர், கிளிசரின், ஏதோ ஒரு லேசான எண்ணெய், செட்டியரில் ஆல்கஹால், டைமெத்திகோன். பெரும்பாலும் இரண்டிலும் இதே கூட்டம்தான் இருக்கும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், டைமெத்திகோன் மேலே மெல்லிய படலமாக நின்று ஈரம் போகாமல் தடுக்கும். வறண்ட தோலில் தெரியும் நுண்ணிய கோடுகள் மங்குவது இந்த இரண்டின் வேலை. அதைச் செய்ய ஐ க்ரீம்தான் வேண்டும் என்பதில்லை.

பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கினால் ஃபீனாக்சிஎத்தனால் என்று ஒரு பெயர் வரும். கெட்டுப்போகாமல் காக்கும் பொருள். வழக்கமாக ஒரு சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. அதற்குப் பிறகு எழுதியிருப்பதெல்லாம் அநேகமாக அதைவிடக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில், வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு என்று போட்டுவிட்டு, பின்பக்கத்தில் அதை ஃபீனாக்சிஎத்தனாலுக்குக் கீழே எழுதியிருந்தால், அது பேருக்குத்தான் இருக்கிறது. நியாசினமைடு வேலை செய்ய 2 முதல் 5 சதவீதம் வரை வேண்டும். புரதத் துணுக்குகளான பெப்டைடுகளுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அவை மிகக் கொஞ்சமாகவே சேர்க்கப்படுபவை, எப்போதும் கடைசியில்தான் வரும். ஆனால் அவற்றுக்கான ஆதாரம் பெரும்பாலும் தயாரிப்பாளர்களின் சிறிய ஆய்வுகள்தான். அதற்காக நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன்.

சரி, வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. முக்கியமான வித்தியாசம் சேர்த்ததில் இல்லை, விட்டதில். இமைத் தோல் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான், உடம்பிலேயே மெல்லியது. எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. முகத்தின் மற்ற இடங்கள் பொறுத்துக்கொள்ளும் வாசனைப் பொருளும் அமிலங்களும் அங்கே எரியும், சிவக்கும். நல்ல ஐ க்ரீமில் இவை இருக்காது. உடல் சூட்டில் உருகிக் கண்ணுக்குள் வழியாதபடி கொஞ்சம் கெட்டியாகவும் செய்திருப்பார்கள். ஆனால் வாசனை சேர்க்காத, சென்சிட்டிவ் தோலுக்கான சாதா மாய்ஸ்சரைசரிலும் இந்த முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும். உங்கள் மாய்ஸ்சரைசர் மணக்கிறதா, இல்லையா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

இன்னொரு வித்தியாசம் கொஞ்சம் கண்கட்டு வித்தை. ஐ க்ரீம் பட்டியலின் கடைசியில் மைக்கா, அல்லது சி.ஐ. 77891 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் டைட்டானியம் டை ஆக்சைடுடையது. இரண்டும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் பொடிகள். தடவிய அடுத்த நிமிஷமே கருவளையம் குறைந்தது போலத் தெரிவதற்குக் காரணம் இவைதான். முகம் கழுவினால் அந்தப் பலனும் போய்விடும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது உபயோகமான சங்கதிதான், ஆனால் அதற்குப் பெயர் மேக்கப்.

கருவளையத்துக்காகத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள் என்பதால் ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி முன் நின்று கீழ் இமைத் தோலை மெதுவாகப் பக்கவாட்டில் இழுங்கள். பழுப்பு நிறம் அப்படியே இருந்தால் அது நிறமி. நம் ஊர்த் தோலில் இது அதிகம், பரம்பரையாகவும் வரும், கண்ணைக் கசக்கும் பழக்கத்தாலும் வரும். நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்து, இழுக்கும்போது இன்னும் எடுப்பாகத் தெரிந்தால் அடியில் உள்ள ரத்தக்குழாய்கள். ஜன்னலுக்கு நேரே நின்று முகத்தைச் சற்றே மேலே தூக்கினால் மறைகிறதா? அப்படியென்றால் அது வெறும் நிழல், கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தால் விழுவது. பள்ளத்தை எந்த க்ரீமும் நிரப்பாது. நிறமிக்கு நியாசினமைடு, வெயில் பாதுகாப்பு, கசக்காமல் இருப்பது எல்லாம் சேர்ந்தால் மாதக்கணக்கில் ஓரளவு குறையும். பலருக்கு இவை கலந்தே இருக்கும், அதனால்தான் ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

காலையில் எழுந்ததும் கண்ணுக்குக் கீழே தெரியும் வீக்கத்துக்கு கஃபீன் என்பார்கள். குளிர்ந்த ஜெல் எது தடவினாலும் வீக்கம் கொஞ்சம் வடியும். அதில் கஃபீனின் பங்கைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். நாள் முழுக்க அப்படியே இருக்கும் பை என்றால் அது நீர் இல்லை, கொழுப்பு. அதற்குத் துணியும் உதவாது, க்ரீமும் உதவாது.

கூடுதல் விலை நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை. நிஜமான சுருக்கங்களில் வேலை செய்வதாக நல்ல ஆதாரம் உள்ள பொருள் அது. முகத்துக்கான க்ரீம்களில் 0.3 சதவீதம் என்று ஐரோப்பிய யூனியன் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கண்ணுக்கான க்ரீம்களில் பொதுவாக அதைவிடக் குறைவாகப் போட்டு, எரிச்சலைத் தணிக்கும் கொழுப்புகளையும் சேர்ப்பார்கள். முகத்துக்கான ரெட்டினால் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இதையும் மிச்சம் பிடிக்கலாம். முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் துளி ரெட்டினால், கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் மட்டும், வாரம் இரண்டு இரவு. இமையின் மேலும் இமைமுடி ஓரத்திலும் வேண்டாம். கண் வறட்சி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்ப்பது நல்லது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

ரெட்டினாலுக்காக ஐ க்ரீம் வாங்குவதென்றால் டப்பாவைப் பாருங்கள். வெளிச்சம் புகாத டியூபோ, காற்றுப் புகாத பம்போ இருக்க வேண்டும். மூடி திறந்து விரலை விட்டு எடுக்கும் கண்ணாடிக் கிண்ணம் அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் காற்றும் வெளிச்சமும் பட்டு உள்ளே உள்ள ரெட்டினால் வீணாகும்.

இமை அரித்துச் செதில் செதிலாக உரிகிறது என்றால் ஐ க்ரீம், மாய்ஸ்சரைசர் இரண்டையுமே வாங்காதீர்கள். பல சமயம் அது வறட்சியே இல்லை, ஒவ்வாமை. நெயில் பாலிஷ், ஹேர் டை, ஷாம்பு இவற்றை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். கை விரலில் பூசிய பாலிஷ் விரலை விட்டுவிட்டு இமையில் போய் அரிப்பைக் கொடுக்கும். அது தெரியாமல் மேலே மேலே க்ரீம் மாற்றிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம்.