2 நாள் வால்பாறை, ஆளுக்கு 1,600 ரூபாய்: ஒரு நிமிட வீடியோவால் 6,400 போச்சு

நேற்று ராத்திரிதான் திருப்பூர் வந்து சேர்ந்தோம். கோபம் அடங்கவே இல்லை. இந்த வாரக் கடைசிக்கு மலைக்குக் கிளம்ப நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

ஒரே நிமிடத்தில் முழுப் பயணத்தையும் சொல்லும் வீடியோ அது. காலை 6 மணி பொள்ளாச்சி, 8 மணி டாப்ஸ்லிப், 11 மணி வால்பாறை, மாலை 6 மணிக்குக் குரங்கு அருவியில் குளியல், ராத்திரி தேயிலைத் தோட்டத்து வீட்டில் தங்கல். வண்டி, சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,600. கடைசியில், "ஒரே ஒரு உண்மையான எச்சரிக்கை சொல்றேன், சனிக்கிழமை ரூம் கிடைக்காது, இப்பவே போட்டுடுங்க" என்று வீடியோ போட்டவன் முடித்தான். அந்த எச்சரிக்கைதான் வலையே.

போன் செய்தால் அப்படி ஒரு பேச்சு. "சொல்லுங்கக்கா, திருப்பூருங்களா? நம்ம பக்கந்தானுங்க" என்று ஆரம்பித்தான். அம்மாவுக்கு முட்டி வலி என்றதும், "அம்மாவ படி ஏற வெக்க மாட்டேனுங்க, கீழ் ரூமே வாங்கித் தர்றேன், வெந்நீருக்கும் சொல்லிடறேன்" என்றான். யாருக்குத்தான் நம்பிக்கை வராது? பாதி முன்பணம் தருகிறோம் என்றதற்கு, வாரக் கடைசியில் முழுசாகக் கட்டினால்தான் வீட்டுக்காரர் சாவி தருவார் என்றான். நாலு பேருக்கு 6,400 அனுப்பினோம். திரையில் வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. கேட்டதற்கு, "அது எங்க கணக்குப் பாக்கிறவருங்க" என்று உடனே பதில் வந்தது.

சனிக்கிழமை விடியற்காலை பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம், வண்டி வரவில்லை. "டிரைவருக்கு டயர் பஞ்சருங்க, நீங்க பஸ்ல ஏறிடுங்க, காச கழிச்சுக்கலாம்" என்றான். ஏறினோம். டாப்ஸ்லிப் எப்போது வரும் என்று கேட்டதற்குக் கண்டக்டர் சொன்னதைக் கேட்டபோதே வயிற்றைக் கலக்கியது. டாப்ஸ்லிப்புக்குச் சேத்துமடை வழியாகப் போக வேண்டும், வால்பாறைக்கு ஆழியாறு வழி. இரண்டும் வேறு வேறு ரோடு. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குப் போகக் கீழே இறங்கித்தான் ஏற வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 8 மணிக்கு டாப்ஸ்லிப்பில் நிற்கிறவர் 11 மணிக்கு வால்பாறையில் எப்படி இருப்பார்? குரங்கு அருவியோ மலையடிவாரத்தில், ஆழியாறு அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலை அங்கே குளிக்க வேண்டுமானால் அத்தனை வளைவும் இறங்கி, இருட்டில் யானை நடமாடும் ரோட்டில் திரும்ப ஏற வேண்டும். அந்த ஊருக்கு ஒரு தடவை போன எவனும் இப்படி நேரம் போட மாட்டான்.

வால்பாறையில் விசாரித்து, படத்தில் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்கார அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "வீடு எங்களுதுதான் அம்மணி, ஆனா அந்த ஆள் ஆருன்னே தெரியாதுங்களே" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உட்காரவைத்து டீ கொடுத்தார்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "மேனேஜர் லைன்ல இருக்காருங்க". பிறகு "சிஸ்டத்துல உங்க பேர் காட்டலைங்க". பிறகு "ஏழு வேலை நாள்ல 6,400 வந்துருங்க". சாயங்காலம் தம்பி கூப்பிட்டபோது, "கேன்சல் பண்ணது நீங்கதானே" என்றான். அதற்கு மேல் எங்கள் எல்லோர் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். முட்டி வலியோடு அம்மா பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நாங்கள் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினோம். கடைசியில் 2,200க்கு ஒரே ரூம், மாடியில்.

சரியான திட்டம் எழுதித் தருகிறேன் என்று தோழிகளிடம் சொல்லியிருந்தேன். விரிவாக எழுத இப்போது மனசில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து நாலு பேர் போய்வர அரசு பஸ்ஸுக்கு ஆயிரம் ரூபாய் போதும். சனி காலை கிளம்பினால் மதியம் வால்பாறை, அன்றைக்குக் கூழாங்கல் ஆறு மட்டும். ஞாயிறு காலை நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனை, மதியம் இறக்கம். டாப்ஸ்லிப்பை இதோடு சேர்க்காதீர்கள், அங்கே தங்க வனத்துறையிடம்தான் பதிய வேண்டும். அருவிக்குக் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள்.

ரூம் என்றால் அந்த வீட்டு ஆளிடமே பேசி, வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பேசுகிறவர் பெயரும் பணம் போகும் பெயரும் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் "ஏழு வேலை நாள்" பேச்சுக்குக் காத்திருக்காமல் அப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், அந்தக் கணக்கிலிருந்து அவர்கள் எடுப்பதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க முடியும். பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 6,400க்கும் cybercrime.gov.in தளத்தில் புகார் போட்டாகிவிட்டது. அந்த வீடியோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கண்ணில் பட்டால் நீங்களும் புகார் கொடுங்கள்.