புத்தகக் காட்சிக் கழிவு: வயது செட்டா, படிநிலை செட்டா?

சென்னைப் புத்தகக் காட்சிக்கு எங்கள் சிறுவர் நூல்களை இந்த முறை நான்கு விதமாக விற்கப்போகிறோம். தனிப்புத்தகத்துக்கு 10% கழிவு. வயதுவாரியாகக் கட்டிய எட்டுப் புத்தக செட்டுக்கு 20%. வாசிப்புப் படிநிலைப்படி கட்டிய ஆறு புத்தக செட்டுக்கு 25%. பள்ளிகளுக்கும் தெரு நூலகங்களுக்கும் நாற்பது புத்தக செட்டுக்கு 35%. எட்டுப் புத்தகத்துக்குக் குறைவாகவும் ஆறு புத்தகத்துக்கு அதிகமாகவும் கழிவு தருகிறீர்களே, தலைகீழாக இருக்கிறதே என்று விலைப்பட்டியலைப் பார்த்த நண்பர்கள் கேட்டார்கள். தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறோம். படிநிலை செட் நிறைய வீடுகளுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

தனிப்புத்தகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 10% என்பது காட்சி முழுக்க வழக்கமாகக் கிடைக்கும் கழிவுதான். எது வேண்டும் என்று குழந்தைக்கே தெரிந்திருந்தால் செட் பக்கமே வரவேண்டாம்.

வயது செட், படிநிலை செட் இரண்டுக்கும் இடையில்தான் யோசிக்கவேண்டியிருக்கிறது. வயது செட் வாங்குவது சுலபம். "பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டு எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் தமிழ் வாசிப்பில் வயது பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஒன்பது வயதுக் குழந்தைகள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தமிழ்வழியில் நான்காம் வகுப்பு. இன்னொருவர் ஆங்கிலவழிப் பள்ளியில் அதே வகுப்பு, தமிழ் ஒரு பாடம் மட்டும். பேச்சில் இருவருக்கும் வித்தியாசம் இருக்காது, பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். முதல் குழந்தை ஒரு பத்தியைப் படித்து முடிக்கும்போது இரண்டாவது குழந்தை முதல் வரியில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்.

எங்கே தடுக்கிறது என்பதை அரங்கில் நின்று பார்த்தால் பிடிபடும். கொம்பு வைத்த எழுத்துகள் ஓர் இடம். 'கொ' என்பதில் உயிர்க்குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் நிற்கிறது. குழந்தையின் கண் முன்னால் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். அதைவிடப் பெரிய தடை சொல்லின் நீளம். "யானை வந்தது" என்பதைப் படிக்கிற குழந்தை, "யானை வந்துகொண்டிருந்தது" என்ற இடத்தில் நின்றுவிடும். பத்து எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவியிருக்கும். பொருள் புரியாததால் நிற்பதில்லை. அதே சொல்லை நாம் வாசித்துக்காட்டினால் சட்டென்று புரிந்துகொள்ளும்.

அதனால் படிநிலை செட்டைச் சொல்லின் நீளத்தையும் பக்கத்தில் உள்ள வரிகளையும் பார்த்துப் பிரித்தோம். முதல் படியில் பக்கத்துக்கு இரண்டு வரி, சொற்கள் பெரும்பாலும் ஆறு எழுத்துக்குள். இரண்டாம் படியில் நான்கைந்து வரி. நீண்ட வினைச்சொற்கள் வரும், ஆனால் ஒரே வரியில் இரண்டு வராது. மூன்றாம் படியில் படம் குறைந்து அத்தியாயங்கள் வந்துவிடும். இந்த முறை நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. தமிழக அரசின் பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் குழந்தை அரசுப் பள்ளியில் படித்து இவற்றில் எது கைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால், எங்கள் படியைத் தேர்வதும் எளிது.

தெரியாவிட்டால் அரங்கிலேயே பார்த்துவிடலாம். இரண்டாம் படிப் புத்தகம் ஒன்றை நடுவில் பிரித்து ஒரு பக்கத்தை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். இரண்டு விரலுக்குள் முடிந்தால் அந்தப் படி சரி. ஐந்து விரலும் மடங்கினால் ஒரு படி இறங்குங்கள். ஒரு விரல்கூட மடங்காவிட்டால் மேலே போகலாம். மூன்று, நான்கு விரல் என்றால் வீட்டில் யாராவது கூட உட்கார்ந்து வாசிப்பார்களா என்பதைப் பொறுத்தது. பொங்கல் விடுமுறை மாலையில் இதைச் செய்ய முடியாது, அந்தக் கூட்டத்தில் குழந்தை வாயே திறக்காது. வேலை நாளில் அரங்கு திறந்த கையோடு வாருங்கள், இடமும் இருக்கும், எங்களுக்கும் நேரம் இருக்கும்.

இப்போது காசுக் கணக்கு. ஆங்கிலவழியில் படிக்கும் ஒன்பது வயது அக்கா, ஐந்து வயதுத் தம்பி உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்கான செட்டின் விலை 640 ரூபாய், கழிவு போக 512. அதில் பாதிக்கு மேல் மூன்றாம் படிப் புத்தகங்கள். அக்கா இன்றைக்கு அவற்றைத் தானாகப் படிக்கமாட்டாள், தம்பிக்கும் ஆகாது. முதல் படி செட் 360 ரூபாய், கழிவு போக 270. ஆறையும் அக்கா படிப்பாள். படித்தால் தம்பிக்கு வாசித்தும் காட்டுவாள். இதில் இன்னொரு லாபம் உண்டு. சின்னப் பிள்ளைப் புத்தகம் என்று அவள் கூச்சப்படவேண்டியதில்லை, தம்பிக்காகத்தானே வாசிக்கிறாள். மிச்சமாகும் 242 ரூபாயை வைத்திருங்கள், அடுத்த ஆண்டு இரண்டாம் படிக்கு ஆகும்.

படிநிலை செட்டுக்கும் எல்லை இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதுக் குழந்தை எழுத்துக் கூட்டும் நிலையில் இருந்தால் முதல் படி செட்டைக் கொடுக்காதீர்கள். பூனைக்குட்டிக் கதையை அந்த வயதில் கையில் திணித்தால் மனம் நொந்துபோகும். அவர்களுக்குத் தனியாக இரண்டு படக்கதைப் புத்தகங்கள் எடுங்கள். பேச்சுக் குமிழிக்குள் வரி நீளாது, கதையும் வயதுக்கு ஏற்றதாக இருக்கும்.

அப்புறம், வயது செட் நிஜமாகவே மேலாக இருக்கும் இடங்களும் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் வாசிப்பவர் நீங்கள்தான், குழந்தையின் படிநிலை பற்றிக் கவலையே இல்லை. நீளமான சொற்கள் காதில் விழுவது நல்லதும்கூட. பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறீர்கள், அந்தக் குழந்தை வாசித்து நீங்கள் கேட்டதே இல்லை என்றாலும் வயது செட்தான் சரி, அதில் மூன்று படியும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

நூலக செட்டைப் பற்றி எங்களுக்கு அனுபவம் குறைவு, ஒருசில பள்ளிகளுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறோம். அங்கே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். முதல் படிப் புத்தகங்கள்தான் சீக்கிரம் கிழிகின்றன. அவை நடுவில் பின் அடித்தவை. பல கை மாறும்போது நடுத்தாள் பின்னிலிருந்து பிய்ந்து வந்துவிடும். அதனால் இந்த செட்டில் முதல் படிப் புத்தகங்களை மட்டும் இரண்டிரண்டு பிரதியாக வைத்திருக்கிறோம். வந்ததும் முதுகில் ஒரு துணி டேப் ஒட்டிவிட்டால் நெடுநாள் தாங்கும்.

படி மாறிப்போனால் மாற்றித் தருவோம், படிநிலை செட்டுக்கு மட்டும். காட்சி முடிவதற்குள் பில்லோடு அரங்குக்குக் கொண்டுவாருங்கள். பெயர் எழுதாமல், பக்கம் மடங்காமல் இருந்தால் போதும், படித்துப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. காட்சி முடிந்தபின் தபாலில் அனுப்பினாலும் ஒரு மாதம் வரை ஏற்போம், அப்போது போக வர அஞ்சல் செலவு உங்களுடையது.