ஐப்பசி மழையில் கும்பகோணம்: துணி உலர்ந்த கதை

தீபாவளியையொட்டி டொராண்டோவிலிருந்து ஊருக்கு வருபவர்கள் வடகிழக்குப் பருவமழையையும் எதிர்பார்த்துத்தான் வர வேண்டும். கும்பகோணத்தில் நான் தங்கிய விடுதியில் சலவைக்கு உருப்படிக் கணக்கில் காசு. மறுநாள் மாலை தருவதாகச் சொன்னவர்கள், மழை விடவில்லை என்று இன்னும் ஒரு நாள் தள்ளினார்கள். வந்த பருத்திச் சுடிதார்களில் முக்கல் வாடை. மொட்டைமாடிக் கொடியை நம்பும் சலவை மழைக்காலத்தில் இப்படித்தான் இருக்கும். கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைக்குப் போனாலும், உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அதன்பின் அறையிலேயே துவைத்துக்கொண்டேன். பாலியெஸ்டர் கூடுதலாகவும் பருத்தி குறைவாகவும் கலந்த குர்த்தாக்கள் கைவசம் இருந்தன. முறுக்கிப் பிழிந்தால் மடிப்பு விழும். அதனால் அழுத்தி நீரை வடித்து, உலர்ந்த துண்டின்மேல் விரித்து, பாய்போல் சுருட்டி, முழங்காலால் நன்றாக அமுக்க வேண்டும். பெருமளவு ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு ஹேங்கரில் மாட்டி, தையல்களைக் கையால் நீவி இழுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட வேண்டும். குளியலறை வேண்டாம், அங்கே காற்றே ஈரம். இரவு போட்டவை காலையில் இஸ்திரி இல்லாமலேயே உடுத்தும்படி இருந்தன. முழுப் பருத்தியோ மடிப்போரங்களில் சில்லென்றே இருந்தது.

பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டரில் ஈரம் பெரும்பாலும் இழைகளுக்கு இடையில்தான் நிற்கும். அதற்காக முழுப் பாலியெஸ்டரை வாங்கிவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டும், வியர்வை நாற்றத்தையும் எளிதில் விடாது. கடைகளில் மெல்லியதாக, வழவழவென்று தொங்கும் ரேயான் குர்த்திகளைப் பார்த்தால் சட்டென்று உலரும் என்றே தோன்றும். உண்மையில் ரேயான் பருத்தியைவிட அதிக நீர் குடிக்கும், நனைந்தால் வலுவும் குறையும். வாங்கும்போது ஓரத்தைக் கைக்குள் கசக்கிச் சற்று நேரம் பிடித்துவிட்டுப் பாருங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் பயணத்துக்கு ஆகாது.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு கலப்புக் குர்த்தாவைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "இது கடைசியில்தான் அம்மா, கரி தணியட்டும்" என்றார். கரிப்பெட்டியில் சூட்டை அளந்து வைக்க வழியில்லை. செயற்கை இழை அதில் பளபளத்துப்போகும், சமயத்தில் உருகியும் ஒட்டிக்கொள்ளும். அவர் ஈரப் பருத்தித் துணியை மேலே விரித்துத் தேய்த்துக் கொடுத்தார், ஒரு பளபளப்பும் இல்லை. எல்லாரும் இவ்வளவு நிதானமாகச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. கொடுக்கும்போதே கலப்புத் துணி என்று சொல்லி, தனியாக வைத்துக் கொடுங்கள்.