சிம் பின் போட்டு மூன்று வருடம்: அம்மாவின் போன் 'புக்கு' கேட்ட கதை

2022 கடைசியில் புதுச்சேரி பேருந்து நிலையத்தில், கடலூர் வண்டியில் ஏறும் நெரிசலில் என் போன் பறிபோனது. ஸ்கிரீன் லாக் இருக்கிறதே, எடுத்தவனால் என்ன செய்துவிட முடியும் என்று கொஞ்சம் தெம்பாகத்தான் வீட்டுக்கு வந்தேன். இரவு எட்டு மணிக்கு நண்பன் தங்கையின் போனுக்கு அழைத்து, "உங்க அண்ணன் வாட்ஸப்ல அவசரமா அஞ்சாயிரம் கேக்குறானே, என்ன விஷயம்?" என்றான்.

எடுத்தவன் என் ஸ்கிரீன் லாக்கைத் தொடவே இல்லை. ஓரத்தில் இருக்கும் சின்னத் துளையில் ஊசியைக் குத்தி சிம்மை வெளியே எடுத்து, தன்னுடைய போனில் போட்டு வாட்ஸப்பைத் திறந்திருக்கிறான். ஓடிபி அந்த சிம்முக்கு வந்தது, வேலை முடிந்தது. ஸ்கிரீன் லாக் போனுக்குப் போட்ட பூட்டு. சிம்முக்கு நான் பூட்டே போட்டிருக்கவில்லை.

அதே நம்பரில் மாற்று சிம் வாங்கியதும் முதல் வேலையாக அந்த சிம்முக்கு பின் நம்பர் போட உட்கார்ந்தேன். முதல் முயற்சியிலேயே ஒரு தப்பு செய்தேன். இதை எழுதுவதற்குக் காரணமே அந்தத் தப்புதான், ஏனென்றால் பிறகு எனக்குத் தெரிந்த நாலைந்து பேர் அதையே செய்து சிம்மைப் பூட்டிக்கொண்டார்கள்.

ஆண்ட்ராய்டில் Settings-க்குள் Security பகுதியில் SIM lock என்று இருக்கும். சில போன்களில் அது இன்னும் ஒரு படி உள்ளே, More security settings-க்குள் ஒளிந்திருக்கும். மேலே தேடும் இடத்தில் SIM lock என்று அடித்தால் வந்துவிடும். ஐபோனில் மொபைல் இணைப்புக்கான பக்கத்தில் SIM PIN என்றே இருக்கிறது. அந்த சுவிட்சைத் தள்ளியதும் ஒரு பெட்டி திறந்து பின் கேட்கிறது. யுபிஐ பின் வைத்துப் பழகிய கை, "ஓ, புதுசா ஒண்ணு வைக்கச் சொல்லுது" என்று நினைத்து மனதில் இருந்த நாலு எண்ணை அடித்தது. தப்பான பின், 2 remaining attempts என்று வந்தது.

அந்தப் பெட்டி புது பின் வைக்கச் சொல்லவில்லை. சிம்மில் ஏற்கனவே இருக்கிற பின்னைக் கேட்கிறது. ஒவ்வொரு சிம்மும் கடைக்கு வரும்போதே உள்ளே ஒரு பின்னோடுதான் வருகிறது, பூட்டு மட்டும் திறந்தபடி இருக்கும். பூட்டைப் போட முதலில் அந்தப் பழைய பின்னைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் Change SIM PIN-ல் போய் நமக்குப் பிடித்த எண்ணை வைக்கலாம். நாலு முதல் எட்டு இலக்கம் வரை வைக்கலாம்.

அந்தப் பழைய பின் பெரும்பாலும் 1234 அல்லது 0000 போல எளிதாகத்தான் இருக்கும். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஊகித்து அடிப்பது சரியில்லை. மொத்தம் மூன்றே வாய்ப்பு, நான் ஒன்றைத் தொலைத்தாகிவிட்டது. அதற்கு மேல் கை வைக்காமல் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டேன், இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். சரியான பின் ஒருமுறை உள்ளே போனால் எண்ணிக்கை மறுபடி மூன்றுக்குத் திரும்பிவிடும். பூட்டு போட்ட பிறகு, பின்னை மாற்ற செட்டிங்ஸுக்குள் போகாமல் டயல் செய்யும் இடத்திலேயே இப்படி அடித்தும் மாற்றலாம்:

```
**04*OLDPIN*NEWPIN*NEWPIN#
```

அப்புறம் மூன்று வருடம் ஓடியதே தெரியவில்லை. போனை அணைத்துப் போட்டால், அல்லது அப்டேட் வந்து அதுவாகவே ரீஸ்டார்ட் ஆனால், பின் கேட்கும். சிம்மை வேறு போனில் போட்டாலும் கேட்கும். மற்ற நாளெல்லாம் அது இருப்பதே நினைவில் வராது. எரிச்சல் என்று சொன்னால் ஒன்றுதான். இரவில் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆன போன், காலையில் நான் பின் போடும் வரை நெட்வொர்க் இல்லாமல் கிடக்கும். வைஃபையில் வாட்ஸப் வந்துகொண்டே இருப்பதால் சந்தேகமும் வராது. ஒருமுறை அப்படி ஒன்பது மணி வரை யாருடைய அழைப்பும் வராமல், மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் பின் தனித்தனி, எண்ணிக்கையும் தனித்தனி. பெட்டியில் எந்த சிம்மின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

என் போனில் நன்றாக ஓடுகிறதே என்று அம்மாவின் போனிலும் போட்டு வைத்தேன். அவரிடம் சரியாக விளக்கவில்லை. முழுக்க என் தப்பு.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த இரவு. நான் புதுச்சேரியில் மாட்டிக்கொண்டேன், அம்மா கடலூர் வீட்டில். கரண்ட் போய், அவர் போனும் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவின் இன்வெர்ட்டரில் சார்ஜ் போட்டுத் திறந்திருக்கிறார். திறந்ததும் நம்பர் கேட்டது. பல மாதமாக அந்த போன் அணைந்ததே இல்லை, அதனால் அந்தப் பெட்டியை அவர் பார்த்ததும் இல்லை. ஸ்கிரீன் லாக் பெட்டி மாதிரியே இருக்கிறது, அதே பத்து எண்கள். வழக்கமான ஸ்கிரீன் லாக் நம்பரை அடித்தார். தப்பு என்றதும், ஈரக்கையில் சரியாக அழுத்தவில்லை போல என்று மறுபடி அடித்தார், மறுபடியும். மூன்று முடிந்தது.

பக்கத்து வீட்டு போனிலிருந்து எனக்கு அழைத்தார். "டேய், ஏதோ புக்கு கேக்குதுடா. பேங்க் புக்கா, கேஸ் புக்கா?"

திரையில் இருந்தது Enter PUK code. பின்னை மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் அந்தப் பின்னையே முடக்கிவிட்டு, அதற்கு மேலே இருக்கும் எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதுதான் பி.யூ.கே. இதற்குப் பத்து வாய்ப்பு. அது நாம் வைக்கிற எண் இல்லை, நிறுவனத்திடம் இருக்கும் எண், மாற்றவும் முடியாது. இது வந்துவிட்டால் போனை அணைத்துப் போடுவதும், ஒருநாள் காத்திருப்பதும், வேறு போனில் மாற்றிப் போடுவதும் பயன்படாது. எத்தனை முறை தப்பு என்ற கணக்கு சிம்மின் சிப்பில்தான் இருக்கிறது, போனில் இல்லை.

இது தெரியாத தெருமுனை மொபைல் கடைத் தம்பி, நான் அழைப்பில் வருவதற்குள் எட்டு எண்ணை ஏதோ ஊகித்து இரண்டு முறை அடித்துவிட்டார். பத்து, எட்டாகிவிட்டது. அடுத்து, "ஃபுல் ரீசெட் அடிச்சிட்டா சரியாயிடும்ணே" என்றார். ரீசெட் அடித்திருந்தால் போட்டோக்கள் போயிருக்கும், சிம் அப்படியே பூட்டிக் கிடந்திருக்கும். "தம்பி, போனைக் கீழ வச்சிடுங்க" என்று கெஞ்சாத குறைதான்.

சரி, அந்த எட்டு எண்ணை எங்கே பிடிப்பது? பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே நிறுவனத்தின் சிம் என்பதால் அவர் போனிலிருந்து 198-க்கு அழைத்தார்கள். யார் பெயரில் சிம் இருக்கிறது, பிறந்த தேதி, முகவரி என்று கேட்டார்கள். அங்கேதான் இடித்தது. சிம் அப்பா பெயரில். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. பதிவு செய்தவரே பேச வேண்டும், இல்லையென்றால் ஆவணங்களோடு கடைக்கு வர வேண்டும் என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுத்துவிட்டால் என் போனை எடுத்தவனும் கேட்டு வாங்கியிருப்பான்.

காப்பாற்றியது ரீசார்ஜ் செய்வதற்காக என் போனில் வைத்திருந்த நிறுவனத்தின் ஆப். அம்மாவின் நம்பரும் அதில் முன்பே சேர்த்திருந்தது. சிம் விவரங்களுக்குள் தேடியதில் பி.யூ.கே. இருந்தது. எல்லா நிறுவன ஆப்பிலும் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும் முன்பே லாகின் ஆகியிருக்க வேண்டும், பூட்டிய பிறகு புதிதாக லாகின் செய்யப் போனால் ஓடிபி அந்தப் பூட்டிய சிம்முக்கே போகும்.

எட்டு எண்ணையும் இரண்டிரண்டாகச் சொன்னேன், அக்காவின் மகள் அடித்தாள். சரியாக விழுந்ததும் புது பின் கேட்டது, உறுதிக்கு மறுபடி ஒருமுறை கேட்டது, ஒரு நிமிடத்தில் சிக்னல் கோடு எழும்பியது. பெட்டி வராமல் அடம்பிடிக்கும் போன்களில் டயல் செய்யும் இடத்தில் இப்படி அடிக்கலாம்:

```
**05*PUK*NEWPIN*NEWPIN#
```

மீதி எட்டு வாய்ப்பையும் அந்தத் தம்பி தீர்த்திருந்தால் சிம் நிரந்தரமாகச் செத்திருக்கும். நம்பர் போகாது, அதே நம்பரில் மாற்று சிம் வாங்கலாம். ஆனால் மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அதனால் வங்கி ஓடிபியும் வராது. ஏழு நாளுக்கு வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது. சிம்மிலேயே சேமித்து வைத்த பெயர்கள் இருந்தால் அவையும் போச்சு. புயலுக்குப் பிறகு இறப்புச் சான்றிதழோடு போய் அந்த நம்பரை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டேன்.

சிம் பின் தடுக்காததையும் சொல்லிவிடுகிறேன். சிம்மை எடுக்காமல், போனை அணைக்காமல் வைத்திருந்தால் அது பின் கேட்காது. வருகிற ஓடிபி பூட்டிய திரையின் மேலேயே தெரிந்தால் திருடனுக்கு அதுவே போதும். அதனால் பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடி செட்டிங்ஸில் மறைத்து வையுங்கள். உங்கள் பெயரில் யாராவது ஏமாற்றி மாற்று சிம் வாங்கினால் இந்த பின் அங்கே ஒன்றும் செய்யாது. போன் தொலைந்தால் பின் இருக்கிறதே என்று சும்மா இராமல் நம்பரை உடனே முடக்கச் சொல்வதும் அவசியம்.

அம்மாவின் போனில் பின்னை எடுத்துவிடலாம் என்றுதான் தங்கை சொன்னாள். நான் எடுக்கவில்லை. ஸ்கிரீன் லாக் நம்பரையே சிம் பின்னாகவும் வைத்துவிட்டேன். இரண்டும் ஒன்றாக இருக்கலாமா என்றால், ஸ்கிரீன் லாக் தெரியாத திருடனுக்கு சிம் பின்னும் தெரியாதுதானே. இனி எந்தப் பெட்டி வந்தாலும் அவர் கை அடிக்கிற நம்பர் சரியாகவே இருக்கும்.

பி.யூ.கே. எண்ணை எங்கே எழுதி வைப்பது என்று கேட்டபோது அம்மா கேஸ் புக்கை எடுத்து நீட்டினார். கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அடுத்த முறை புக்கு கேட்டால் அதைத்தான் எடுப்பாராம்.