மேலே எப்படியோ கீழேயும் அப்படியே: மரகதப் பலகையா, கிபாலியனா?

"மேலே எப்படியோ, கீழேயும் அப்படியே" என்ற, ஹெர்மெஸ் என்ற புராண ஞானியின் பெயரில் வழங்கும் ஹெர்மெட்டிக் மரபின் வாக்கியத்தைத் தேடிப் போகிறவர் கையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று சிக்கும். மரகதப் பலகை எனப்படும் ரசவாத உரை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கிபாலியன் 1908-ல் சிகாகோவில் 'மூன்று தீட்சை பெற்றவர்கள்' என்ற புனைபெயரில் வெளிவந்த நூல். வாக்கியம் ஒன்றுதான் என்றாலும், அதை வைத்து இரண்டும் சொல்ல வருவது ஒன்றல்ல. என் ஓட்டு பலகைக்கு.

கிபாலியன் படிக்கச் சுலபம். ஏழு தத்துவங்கள், முதலாவது, பிரபஞ்சம் முழுக்க மனமே என்பது. 'மேலே, கீழே' இரண்டாவதாக வருகிறது: தெரிந்த தளத்தை வைத்துத் தெரியாத தளத்தை ஊகிக்கலாம் என்ற விதியாக. பழைய எகிப்திய ஞானம் என்று சொல்லிக்கொண்டாலும், நடையும் கருத்தும், மன வலிமையால் நோயையும் வாழ்வையும் மாற்றலாம் என்ற அன்றைய அமெரிக்க 'புதிய சிந்தனை' இயக்கத்தின் வாசனை அடிப்பவை. எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்பதே பரவலான கருத்து. யோகி ராமச்சரகர் என்ற பெயரில் யோக நூல்கள் எழுதியவரும் இவரே. அதனால் நமக்கு ஏற்கெனவே கேட்டது போல இருந்தால் வியப்பில்லை.

பலகையின் மிகப் பழைய வடிவம் அரபியில், அரபியர் பலினூஸ் என்றழைத்த கிரேக்க ஞானி அப்பொல்லோனியஸின் பெயரில் வழங்கும் நூலில் இருக்கிறது. காலம் சுமார் 8, 9-ஆம் நூற்றாண்டு. லத்தீனுக்கு வந்தது 12-ஆம் நூற்றாண்டில். லத்தீன் வடிவில் வாக்கியம் 'அப்படியே' என்பதோடு முடிவதில்லை. 'ஒரே பொருளின் அற்புதங்களை நிகழ்த்துவதற்காக' என்று தொடர்கிறது. பிறகு வேலை தொடங்குகிறது: நுண்ணியதைப் பருமனிலிருந்து மெதுவாகப் பிரி, அது மண்ணிலிருந்து வானுக்கு ஏறி, மறுபடி இறங்கி, இரண்டின் வலிமையையும் பெறும். எல்லாம் மனமே என்ற பேச்சு கிடையாது. சில லத்தீன் பிரதிகளில் 'ஒன்றின் தியானத்தால் எல்லாம் தோன்றின' என்றிருக்கிறது. வேறு சிலவற்றில் அதுவே 'ஒன்றின் வழியாக'. நியூட்டன் தன் கைப்பட எழுதிய மொழிபெயர்ப்பில் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. இவ்வளவு மெல்லிய கொக்கியில் ஒரு மனக் கோட்பாட்டை மாட்ட முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே விஷயம்: இந்த ஒப்புமை தவறினால் எங்கே தவறியது என்று காட்ட முடியுமா?

14-ஆம் நூற்றாண்டின் ரூபெசிஸா ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவியை எடுத்துக்கொள்வோம். வானம் அழியாதது, உடல் அழுகுவது. அப்படியானால் கீழேயும் ஒரு 'வானம்' இருக்க வேண்டும் என்று தேடினார். திராட்சை மதுவைத் திரும்பத் திரும்ப வடித்தெடுத்த சாரத்தில் அது கிடைத்தது என்றார். வடிப்பது பலகையின் வரிகளைக் கண்ணெதிரே செய்து பார்ப்பது போலத்தான்: ஆவி ஏறுகிறது, குளிர்ந்த மூடியில் பட்டுச் சொட்டாக இறங்குகிறது. 'மெதுவாக' என்பதும் அலங்காரச் சொல் அல்ல. சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். நெருப்பு மிஞ்சினால் தண்ணீரும் நிறைய ஏறி வந்து சரக்கு நீர்த்துவிடும். துணியை நனைத்துக் கொளுத்தினால் குட்டு வெளிப்படும்: நீர்த்த சரக்கு என்றால் எரியாது, அல்லது நீலச் சுடர் அணைந்த பின் ஈரத்துணி மிஞ்சும்.

அதில் போட்ட இறைச்சி அழுகாது என்பது உண்மை. ஆகவே குடித்தால் உயிருள்ள உடலும் சீர்கெடாமல் நிற்கும் என்றார், அது பொய்த்தது. ஒப்புமை எதுவரை தாங்கியது, எங்கே முறிந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். கிபாலியனிடம் இதைச் செய்ய முடியாது. பிரபஞ்சமே மனம் என்றால் எது நடந்தாலும் அதற்குச் சாட்சிதான்.

இந்தச் சோதனை இன்றைக்கும் உதவும். 2020-ல் வாஸா என்ற வானியற்பியலாளரும் ஃபெலெட்டி என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் நரம்பணு வலையையும் விண்மீன் மண்டலங்களின் வலையையும் ஒப்பிட்டார்கள். கட்டமைப்பில் சில அளவீடுகள் நெருங்கி வந்தன. உடனே 'பிரபஞ்சம் ஒரு மூளை' என்று படங்கள் பறந்தன. ஒன்றைப் பின்னுவது ஈர்ப்புவிசை, இன்னொன்றை உயிரணு வளர்ச்சி. வடிவம் ஒத்தால் பொருளும் ஒன்று என்றாகிவிடாது.

மனம், பிரபஞ்சம் என்ற கேள்விதான் உங்களுக்கு முக்கியம் என்றால் கிபாலியனைவிட நல்ல இடம் உண்டு: இத்தாலியத் தத்துவவாதி ஃபிசினோ 1463-ல் லத்தீனாக்கிய ஹெர்மெட்டிக் தொகுப்பின் 11-ஆம் பகுதி. உன் ஆன்மாவை இந்தியாவுக்குப் போகச் சொல், சொல்லி முடிக்குமுன் அங்கே இருக்கும் என்கிறது, அங்கே ஒரு பாத்திரமாகப் பேசும் மனம், ஹெர்மெஸிடம். கடவுளுக்கு நிகராகாமல் கடவுளை அறிய முடியாது, ஒத்ததை ஒத்ததே அறியும் என்பதே அங்கே வாதம். 'மேலே, கீழே' வாக்கியம் அங்கே கிடையாது.

நம் சித்தர் பாடலின் 'அண்டத்தில் உள்ளதே பிண்டம்' நினைவுக்கு வருவது இயல்பு. பிண்டம் என்பது உடல் என்பதால், அது கிபாலியனைவிடப் பலகைக்கே பக்கம்.